கீபோர்டும் போன் திரையும்: ஈரம் உள்ளே போகாமல் துடைப்பது எப்படி

ஆயுத பூஜை முடிந்த வாரம் சர்வீஸுக்கு வரும் லேப்டாப்களைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிடும். மூடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருக்கும், திறந்தால் ஸ்பேஸ் பாருக்கும் அதற்கு மேல் வரிசைக்கும் நடுவே சிவப்பாக ஒரு கோடு ஓடும். பொட்டு வைத்ததால் எந்த லேப்டாப்பும் கெட்டதில்லை. மறுநாள் ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பாகத் துடைக்கிறார்களே, அங்கேதான் வினை. பொடி நனைந்து குழம்பாகி கீபோர்டுக் கட்டைகளின் இடுக்கில் இறங்கிவிடும். காய்ந்தபின் அந்தக் கட்டை அழுத்தினால் எழும்பாது. துணியில் தண்ணீர் கூடுதலாக இருந்திருந்தால் அதுவும் கூடவே இறங்கியிருக்கும்.

கட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மீதிப் பாடம் சுலபம். பெரும்பாலான லேப்டாப்களில் ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் கத்தரிக்கோல் போல மடியும் மெல்லிய பிளாஸ்டிக் பிடியும், அதன் நடுவே ஒரு ரப்பர் குமிழும் இருக்கும். அதற்கும் கீழே, மின்கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள் அடுக்காக இருக்கின்றன. அந்தத் தாளுக்குக் கீழே ஒரு தகடு, அதற்குக் கீழே மதர்போர்டும் பேட்டரியும். விளக்குத் திரி எண்ணெயை இழுத்துக்கொள்வதுபோல, கட்டையைச் சுற்றியுள்ள குறுகலான இடுக்கு ஈரத்தைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். நாம் ஊற்ற வேண்டும் என்பதே இல்லை. துணியிலிருந்து ஒரு சொட்டு இடுக்கின் ஓரத்தைத் தொட்டால் போதும்.

உள்ளே போன தண்ணீர் உடனே வெடித்துப் புகைந்து காட்டாது. குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும், மின்னழுத்தம் இருக்கும் இடத்தில் செம்பை மெதுவாக அரிக்கும். ஆஃப் செய்த லேப்டாப்பிலும் பேட்டரி மதர்போர்டோடு இணைந்தேதான் இருக்கிறது. அதனால் இன்று துடைத்ததற்கு மூன்று வாரம் கழித்துக் கோளாறு தெரிவது சர்வ சாதாரணம். அதற்குள் வீட்டில் யாருக்கும் துடைத்தது நினைவிருக்காது.

கையில் என்ன வேண்டும்

மைக்ரோஃபைபர் துணி இரண்டு. மூக்குக்கண்ணாடி வாங்கும்போது கடையில் பெட்டியோடு தருவார்களே, அதே துணிதான். ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த. பழைய பனியன் துணி வேண்டாம், நூல் பிரியும், தண்ணீரையும் நிறையப் பிடித்து வைத்திருந்து அழுத்தும் இடத்தில் கக்கும். அடுத்து, புதிதாக வாங்கிய ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ், மயிர் மிருதுவாக இருக்க வேண்டும். கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸில் தூசி ஊதப் பயன்படுத்தும் ரப்பர் புளோயர் ஒன்று. காது குடையும் பட்ஸ் நாலைந்து.

திரவம் என்று பார்த்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கள் ஐபிஏ என்பார்கள். 70 சதவீதம் என்று எழுதியது கிடைத்தால் அப்படியே பயன்படுத்தலாம். 99 சதவீதம்தான் கிடைத்தது என்றால் 70 மில்லியோடு 30 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் விற்கும் தண்ணீர்தான் அது. போர் தண்ணீரைக் கலந்தால் திரையில் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். ஐபிஏ சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். ஜன்னலைத் திறந்து வைத்து, விளக்கும் ஊதுபத்தியும் அடுப்பும் இல்லாத அறையில் உட்காருங்கள்.

வீட்டில் இருக்கிறதே என்று எடுக்கக் கூடாதவை சில உண்டு. சானிடைசரில் கிளிசரின், வாசனை எல்லாம் இருப்பதால் பிசுக்கு விட்டுப்போகும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும், தின்னரும் அப்படித்தான். பிளீச்சிங் கலவையும் ஆகாது. கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, ஜன்னலுக்குச் செய்தது. அதில் அம்மோனியா இருந்தால் போன் திரையின் மேல்பூச்சுக்குக் கேடு. இல்லாவிட்டாலும், ஸ்பிரே என்றாலே துளிகள் எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. எந்தத் திரவமானாலும் சாதனத்தின் மீது நேரடியாக அடிக்கவே கூடாது. துணிக்குத்தான் ஊற்ற வேண்டும், அதையும் லேப்டாப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு செய்யாமல் தள்ளிப் போய்.

எவ்வளவு ஈரம்?

"லேசாக ஈரமான துணி" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். லேசு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒரு சோதனை. துணியை நான்காக மடித்து, ஒரு முனையில் மட்டும் மூன்று நான்கு சொட்டு ஐபிஏ விட்டு, விரலால் தேய்த்துப் பரப்புங்கள். பிறகு ஒரு எவர்சில்வர் தட்டின் அடிப்பக்கத்தில் ஒருமுறை இழுங்கள். இழுத்த தடம் மெல்லிய பனிப்படலம் மாதிரி தெரிந்து, பத்து எண்ணுவதற்குள் தானாக மறைந்தால் சரியான ஈரம். தடம் உடைந்து சின்னச் சின்ன முத்துகளாக நின்றாலோ, ஓரத்தில் கோடாகத் தேங்கினாலோ ஈரம் அதிகம். உலர்ந்த துணியில் வைத்து அழுத்தி எடுத்துவிட்டு மறுபடி தட்டில் இழுத்துப் பாருங்கள். துணியைப் புதிதாக நனைக்கும் ஒவ்வொரு முறையும் தட்டுக்குப் போய்விட்டுத்தான் கீபோர்டுக்கு வர வேண்டும். பட்ஸுக்கும் இதேதான்: நனைத்து, துணியில் உருட்டிப் பிழிந்து, தட்டில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

கீபோர்டு: முதலில் உலர்வேலை

லேப்டாப்பை ஸ்லீப்பில் விடாமல் முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எல்லாம் கழற்றிவிடுங்கள். பழைய மாடலாக இருந்து பேட்டரி தனியாகக் கழலும் என்றால் அதையும் எடுத்துவிடலாம். சில புது லேப்டாப்கள் மூடியைத் திறந்தாலோ கட்டை ஒன்றைத் தொட்டாலோ தானே எழுந்துகொள்ளும். துடைக்கும்போது அப்படி ஆனால் கையை எடுத்துவிட்டு, மறுபடி ஷட்டவுன் செய்து தொடருங்கள். சூடாக இருந்தால் கால் மணி நேரம் ஆறவிடுங்கள், சூட்டில் ஈரம் சட்டென்று ஆவியாகிக் கோடு கோடாகக் கறை நிற்கும்.

இப்போது அந்தக் குங்கும லேப்டாப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு கணக்கு அலுவலகத்துடையது. ஸ்பேஸ் பாரைச் சுற்றிச் சிவப்புப் பொடி, என்டர் பக்கம் மிக்சர் துகள், அதிகம் அடிபடும் கட்டைகளில் விரல் எண்ணெய் பளபளப்பு. அழுக்கு மூன்று விதம், இதில் ஈரம் கட்டாயம் தேவைப்படுவது கடைசிக்கு மட்டும்.

லேப்டாப்பை பாதி திறந்த நிலையில், கூடாரம் போல, கட்டைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து அடிப்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள். கீழே ஒரு செய்தித்தாள் விரித்திருந்தால் என்ன விழுகிறது என்று தெரியும். மிக்சர் துகள் பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும். பிறகு லேப்டாப்பைச் சாய்த்து வைத்துக்கொண்டு பிரஷால் வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் பொடி இடுக்குக்குள் போகும். குங்குமம் இருக்கும் இடத்தில் பிரஷ் நுனி மட்டும் படட்டும். வெளியே வந்த பொடியை அப்போதைக்கப்போது செய்தித்தாளில் உதறிவிடுங்கள்.

அடுத்து புளோயர். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளியும் போகும். கேனில் வரும் அழுத்தக் காற்று வைத்திருப்பவர்கள் கேனை நேராக நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தாலோ கவிழ்த்தாலோ காற்றுக்குப் பதிலாக உள்ளிருக்கும் திரவமே உறைகுளிராகப் பீச்சும், தண்ணீரைத் தவிர்க்க எடுத்த வழியே ஈரமாகிவிடும். குழாய் நுனிக்கும் கட்டைக்கும் ஒரு விரல் கனம் இடைவெளி விட்டு, சின்னச் சின்ன ஊதல்களாக, இடமிருந்து வலமாக. பிறகு லேப்டாப்பைப் பக்கவாட்டுக்குத் திருப்பி இன்னொருமுறை. ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்குச் சொல்லும் முறையும் ஏறக்குறைய இதுவே: நேர்க்குத்தாக வைக்காமல் 75 டிகிரி சாய்வில் பிடித்து ஊதச் சொல்கிறது. வீடு கூட்டும் வேக்யூம் கிளீனரைக் கீபோர்டின் பக்கம் கொண்டுவர வேண்டாம். நிலைமின்சாரம் ஒரு பயம், கட்டையையே பிடுங்கிவிடும் என்பது இன்னொன்று.

செய்தித்தாளில் இனிமேல் எதுவும் விழவில்லை என்ற பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். உலர்வேலையை ஒழுங்காகச் செய்தால் பாதி லேப்டாப்களுக்குப் பாட்டிலே தேவைப்படாது.

கீபோர்டு: ஈரவேலை

லேப்டாப்பை மேசையில் மல்லாக்க வைத்துத் துடைப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். அதை மாற்றிக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் பாதி திறந்து நிறுத்துவோமே, அப்படி லேப்டாப்பைப் பக்கவாட்டு ஓரத்தின் மீது நிறுத்தி ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைகள் செங்குத்தாக நிற்கும். ஓரிடத்தில் ஈரம் கொஞ்சம் கூடிவிட்டாலும் அது மேற்பரப்போடு வழியப் பார்க்கும், நேராக உள்ளே இறங்காது.

துணியை விரலில் சுற்றி, கட்டைகளின் தலையை மட்டும் ஒவ்வொரு வரிசையாகத் துடையுங்கள். அழுத்தம் வேண்டாம். கட்டை கீழே போகிற அளவுக்கு அழுத்தினால் துணியின் ஈரம் இடுக்கில் பிழியப்படும். எண்ணெய்ப் பளபளப்பு ஒரே இழுப்பில் போகவில்லையென்றால் ஈரத்தைக் கூட்டாதீர்கள், அதே ஈரத்தோடு இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். நாள்பட்ட பளபளப்பு சில சமயம் அழுக்கே அல்ல, விரல் பட்டுப் பட்டுப் பிளாஸ்டிக் தேய்ந்த மினுமினுப்பு. அதை எதுவும் போக்காது. எழுத்துகள் அச்சிட்ட பழைய கீபோர்டுகளில் ஆல்கஹால் எழுத்தையும் எடுத்துவிடக்கூடும், அதனால் அதிகம் பயன்படாத ஏதாவது ஒரு கட்டையில் முதலில் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

இடுக்கு ஓரங்களுக்குப் பிழிந்த பட்ஸ். குங்குமக் கோட்டின் மீது பட்ஸை உருட்டிக்கொண்டே போனால் சிவப்பு அதில் ஏறிவரும். அழுக்கான முகத்தை மறுபடி வைக்காமல் பட்ஸை மாற்றிவிடுங்கள். இடுக்குக்குள் செருகக் கூடாது, பஞ்சு உள்ளே மாட்டி நூலாகப் பிரியும். உள்ளே ஆழத்தில் இன்னும் சிவப்பு தெரிகிறதா? விட்டுவிடுங்கள். உலர்ந்த குங்குமம் அங்கேயே இருப்பதால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. அதைத் துரத்திக்கொண்டு போகும் ஈரத்தால்தான் கெடுதல்.

முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒருமுறை. மூடியைத் திறந்தபடியே அரை மணி நேரம் விடுங்கள், மின்விசிறிக் காற்று போதும். உடனே மூடினால் மிச்ச ஈரம் திரைக்கும் கட்டைக்கும் நடுவே அடைபடும். பிறகு ஆன் செய்து, ஒரு வெற்றுக் கோப்பில் எல்லாக் கட்டையையும் வரிசையாக அடித்துப் பாருங்கள்.

ஒட்டும் கட்டைக்கு எல்லை எங்கே

டீ சிந்திய கட்டை ஒட்டும். காரணம் சர்க்கரை, அது இருப்பது அடியில். மேலிருந்து துடைத்தால் தீராது. பிரஷ், புளோயர், ஓரத்தில் ஒருமுறை பட்ஸ், இதற்கும் எழும்பவில்லையென்றால் வீட்டில் செய்ய வேண்டியது முடிந்தது. இடுக்கில் ஐபிஏ சொட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். சர்வீஸில் நாங்களும் கட்டைக்கு அடியில் ஐபிஏ வைப்பதுண்டு, ஆனால் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு. வீட்டில் சொட்டுவிட்டால் சர்க்கரை கரைந்து இன்னும் கீழே, தாள் அடுக்குக்குள் போய் உறையும். கட்டையை நெம்பி எடுப்பதும் புதியவர்களுக்கு வேண்டாம். பிடியின் கொக்கிகள் நகக்கண் அளவுகூட இருக்காது, ஒன்று உடைந்தால் கட்டை நிற்காது. ஸ்பேஸ் பார், ஷிஃப்ட், என்டர் போன்ற நீளக் கட்டைகளில் ஒரு கம்பியும் மாட்டியிருக்கும். இன்றைய பல லேப்டாப்களில் கீபோர்டு மேல்மூடியோடு சேர்த்தே பதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டைக்காக மொத்த மேல்பாகத்தையும் மாற்றும் நிலை வரலாம்.

போன் திரை

போனில் பயப்பட வேண்டியது கண்ணாடியை அல்ல, அதன் ஓரங்களை. மேலே காதுக்கு வைக்கும் ஸ்பீக்கரின் வலை, கீழே சார்ஜ் துளை, மைக், ஸ்பீக்கர். தண்ணீர்க் காப்புக்கான ஐபி68 தரம் இருக்கிறதே என்று குழாயடியில் காட்டுபவர்கள் உண்டு. அந்தத் தரச்சோதனை புதிய போனை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்வது. உள்ளிருக்கும் பசையும் ரப்பர் வளையமும் நாளாக நாளாகத் தளரும், ஒருமுறை கீழே விழுந்தாலோ திரை மாற்றினாலோ அந்தக் காப்பு பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் போன போனுக்கு வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது.

போனை ஆஃப் செய்து கவரைக் கழற்றுங்கள். முதலில் புளோயரால் தூசியைத் தட்டிவிடுங்கள். மணல் துகள் கண்ணாடியைவிடக் கடினம், அதன்மேல் துணியை வைத்துத் தேய்த்தால் கீறல் நிச்சயம். பேருந்தில் போகிறவர்கள், கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை. கைரேகையும் தலைக்கு வைத்த எண்ணெயும் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

மிச்சத்துக்கு, டிஸ்டில்டு வாட்டர் இரண்டு சொட்டு விட்ட துணி. தட்டுச் சோதனை இங்கேயும் உண்டு. தண்ணீர் ஐபிஏ போல வேகமாக ஆவியாகாது, தடம் மறைய இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். இங்கே பார்க்க வேண்டியது முத்து கட்டுகிறதா என்பதைத்தான். திரையின் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு அரை அங்குலம் முன்னாலேயே நிறுத்துங்கள். ஓரங்களை அதே துணியின் ஈரமில்லாத பகுதியால் துடையுங்கள். கீழ்ப்பக்கம் வரும்போது சார்ஜ் துளை தரையைப் பார்க்கும்படி போனைப் பிடித்துக்கொள்ளுங்கள், மேல்பக்கம் வரும்போது தலைகீழாக. காது ஸ்பீக்கர் வலைக்கு உலர்ந்த மிருதுவான டூத் பிரஷ் மட்டும், ஈரம் கூடவே கூடாது. மைக் துளையில் ஊசி விடாதீர்கள், அழுத்தக் காற்றும் அடிக்காதீர்கள்.

தினமும் ஐபிஏ போட்டுத் துடைக்கலாமா என்று கேட்பார்கள். போன் கண்ணாடியின் மேல் எண்ணெய் ஒட்டாமல் வழுக்கச் செய்யும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. விரல் பட்டே அது மெல்லத் தேயும், ஆல்கஹாலும் அழுத்தித் தேய்ப்பதும் அதை விரைவாக்கும். கிருமிக்குப் பயந்தால் 70 சதவீத ஐபிஏவை எப்போதாவது, மெதுவாகப் பயன்படுத்தலாம், அன்றாடத்துக்கு உலர்ந்த துணி போதும். பூச்சு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, ஈரத்துணியை நடுத்திரையில் லேசாக ஒற்றிப் பாருங்கள். ஈரம் சிறு உருண்டைகளாகத் திரண்டால் பூச்சு இருக்கிறது, தட்டையாகப் பரவினால் தேய்ந்துவிட்டது. டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியிருந்தால் நாம் துடைப்பது அந்தக் கண்ணாடியை, இந்தக் கவலை இல்லை. ஆனால் அதன் ஓரம் தூக்கியிருந்தால் அடியில் ஈரம் ஓடிக் காது ஸ்பீக்கர் வரை போகும். தூக்கிய கண்ணாடியை மாற்றிவிட்டுத் துடையுங்கள்.

ஈரம் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தால்

லேப்டாப்பில் ஒரே ஒரு கட்டை மட்டும் சரியாக வேலை செய்யவில்லையென்றால் அடியில் துகள் இருக்கலாம். பார்வைக்குத் தொடர்பில்லாத நாலைந்து கட்டைகள் ஒன்றாகச் செத்தாலோ, ஒன்றை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுந்தாலோ, தானாகவே டைப் ஆனாலோ அது ஈரம். கட்டைகள் தனித்தனி கம்பியில் இல்லாமல் வரிசையும் நிரையுமாகப் பொதுக் கோடுகளில் இணைந்திருக்கின்றன. ஒரு கோடு நனைந்தால் அதில் உள்ள எல்லாமே குழம்பும். போனில் என்றால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கும், கேமரா லென்ஸின் உள்பக்கம் மூடுபனி கட்டும், சார்ஜர் செருகும்போது ஈரம் இருப்பதாகத் திரையில் எச்சரிக்கை வரும்.

உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். சார்ஜில் போட்டுச் சோதிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான காரியம். லேப்டாப்பைக் கட்டைகள் கீழ்நோக்கும்படி கூடாரமாக ஒரு துண்டின் மேல் நிறுத்துங்கள், போனை சார்ஜ் துளை கீழே வரும்படி சாய்த்து வையுங்கள். மின்விசிறிக் காற்று போதும். ஹேர் டிரையரும் மொட்டைமாடி வெயிலும் வேண்டாம், சூடு பசையைத் தளர்த்தும், ஆவியை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி டப்பாவுக்குள் போடுவதால் பயன் இல்லை. அரிசித் தூள் துளைக்குள் போய்ப் புதுக் கோளாறு வரும், ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிளே சொல்கிறது.

துடைக்கும்போது பட்ட ஒன்றிரண்டு சொட்டு ஐபிஏ என்றால் ஒரு நாள் காயவிட்டு ஆன் செய்து பார்க்கலாம். தண்ணீரோ டீயோ என்றால் காய்ந்தபின் வேலை செய்தாலும் சர்வீஸில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், உப்பும் சர்க்கரையும் ஆவியாகாது. கொடுக்கும்போது என்ன திரவம், எந்தப் பக்கம் பட்டது, அதற்குப் பிறகு எத்தனை முறை ஆன் செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எங்கே முதலில் திறப்பது, தாள் அடுக்கைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.